சைக்கிள் சீட்டுக் கம்பியில இருந்து வந்த கவிதை: ஒரு போட்டோவை வெச்சு எழுதின பதிவு

ஃப்ரெண்ட் ஒருத்தன் ஒரு போட்டோவை அப்லோட் பண்ணி "இதுக்கு ஒரு சின்ன கவிதையோ கதையோ எழுதித் தா"ன்னு கேட்டான். படத்துல ஒரு பழைய சைக்கிள் சுவத்துல சாஞ்சு நிக்குது, அவ்ளோதான். பசங்க ஓட்டற சைஸ். டயர்ல காத்து இல்ல, செயின் துருப்பிடிச்சுக் காவிக் கலர்ல இருக்கு, பின் சக்கரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல சிலந்தி வலை. வெயில் பக்கவாட்டுல விழறதால ஸ்போக்ஸோட நிழல் சுவத்துல நீளமா இழுத்துக்கிட்டுப் போகுது. இதை எப்படிக் கவிதை ஆக்கினேன், படத்துல எந்த விஷயம் எந்த வரியை முடிவு பண்ணிச்சுன்னு வரிசையா எழுதி வைக்கறேன்.

முதல் வேலையா ஒரு வேகமான டிராஃப்ட் எழுதிடுவேன். படத்தைப் பார்த்தவுடனே எல்லாருக்கும் என்ன தோணுமோ அது வெளிய வரட்டும்னுதான். வந்தது இது:

ஓட்டம் நின்ற சைக்கிள்
சிலந்திக்கு வீடானது
அந்தி வெயிலில்
யாருக்கோ காத்திருக்கிறது.

கேக்க பரவால்ல மாதிரி இருக்கும். ஆனா இது இந்தப் போட்டோவோட கவிதை இல்ல. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா, இதே நாலு வரியை வேற எந்தத் துருப்பிடிச்ச சைக்கிள் படத்துக்குக் கீழ வெச்சாலும் அப்படியே ஒட்டும், சைக்கிளை எடுத்துட்டு ஊஞ்சல்னு போட்டாக்கூட ஒட்டும். அப்ப நான் படத்தைப் பார்க்கவே இல்ல, "கைவிடப்பட்ட பொருள்"ங்கற ஒரு பழகின எண்ணத்தைப் பார்த்து எழுதியிருக்கேன்னு அர்த்தம். போட்டோ கவிதைல நூத்துக்குத் தொண்ணூறு இங்கதான் நிக்குது. டிராஃப்டைத் தூக்கிப் போடல, ஓரமா வெச்சுக்கிட்டேன், இதுல இருக்கற எதையும் ஃபைனல்ல விடக்கூடாதுங்கற லிஸ்ட்டா அது உதவும்.

அடுத்து ஒரிஜினல் ஃபைல் கேட்டேன். இது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா இந்தக் கவிதை மொத்தமும் அதுலதான் வந்தது. மெசேஜ் ஆப்ல சாதாரணமா அனுப்பினா படம் பெரும்பாலும் சுருங்கித்தான் வரும், ரொம்ப நுணுக்கமான இடமெல்லாம் மொழுக்குன்னு ஆயிடும், கூடவே படம் எடுத்த நேரம், ஷட்டர் ஸ்பீடு மாதிரி எக்சிஃப் தகவலும் பெரும்பாலும் போயிடும். அதையே டாக்குமென்ட்டா அனுப்பச் சொன்னா அப்படியே வரும். வந்ததும் கம்ப்யூட்டர்ல, எக்சிஃப் தகவலைப் படிச்சுக் காட்டற exiftool-ல இந்தக் கமாண்டை ஓட்டிப் பார்த்தேன்:

```
exiftool -DateTimeOriginal -ExposureTime -ImageSize photo.jpg
```

எடுத்த நேரம்னு காலைல ஏழரை மணி பக்கமா காட்டிச்சு. என் டிராஃப்ட்ல "அந்தி வெயில்"னு இருக்கு. நீளமான நிழல் காலைலயும் விழும் சாயங்காலமும் விழும், அந்தச் சுவர் எந்தத் திசையைப் பார்த்து இருக்குன்னு தெரியாம படத்தை மட்டும் பார்த்து ரெண்டையும் பிரிக்கவே முடியாது. ஃபோன்ல நேரம் தப்பா செட் ஆகியிருந்தா அந்த நம்பரும் தப்பா இருக்கும், அதனால அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டேன், காலைலதான் எடுத்தேன்னான். மத்தபடி சைக்கிள் யாரோடது, ஏன் எடுத்தான்னு எதையும் அந்த நேரத்துல கேக்கல. அதைக் கேட்டா படத்தைப் பார்க்கறதை நிறுத்திட்டு அவன் சொன்ன கதையைத்தான் எழுதுவேன்.

"அந்தி" போனதுல ஒரு பெரிய மாற்றம் இருக்கு. அந்தின்னு சொன்னவுடனே கவிதை முடிவைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுது, சோகத்தை நாம உழைச்சு வாங்காமலே அந்த ஒரு வார்த்தை ஓசியா குடுத்துடுது. காலைன்னு தெரிஞ்சதும் அந்த ஓசி சோகம் கிடைக்கல, வேற ஏதாவது தேடியே ஆகணும்.

தேடறதுக்கு நான் வெச்சிருக்கற வழி இதுதான். படத்தைப் பெருசாக்கி, குறுக்க ரெண்டு கோடு நெடுக்க ரெண்டு கோடு மனசுல போட்டு ஒன்பது கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்தையும் தனியா ஜூம் பண்ணி, அதுல இருக்கறதை பேப்பர்ல எழுதுவேன். பொருளும் வினையும் மட்டும், "பாவப்பட்ட", "தனிமையான" மாதிரி அடைமொழி எதுவும் கிடையாது. நடுக்கட்டத்தைக் கடைசியாத்தான் பார்ப்பேன், ஏன்னா அதைக் கண்ணு ஏற்கனவே பார்த்து முடிச்சிருக்கும், ஓரத்துல இருக்கறதுதான் புதுசு.

லிஸ்ட் முடிஞ்சதும் அதை ரெண்டாப் பிரிக்கணும். ஒரு பக்கம் அந்த நொடியில சும்மா அங்க இருந்தது: சுவர், வெயில், நிழல், ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருக்கறது. இன்னொரு பக்கம் முன்னாடி ஏதோ நடந்ததுக்கான தடம்: துரு, வலை, டயர் தரையில அழுந்தியிருக்கற விதம், தேய்ஞ்ச ஹேண்டில் கிரிப். ஏன் இந்தப் பிரிவுன்னா, போட்டோங்கறது ஒரே நொடி, கவிதைக்கோ கதைக்கோ அதுக்குள்ள கொஞ்சமாவது காலம் வேணும். போட்டோ எடுக்கற முறையை ஆரம்பத்துல கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தரான டாகேர் 1838ல பாரிஸ்ல ஒரு தெருவைப் படம் எடுத்தார், தெருவுல வண்டியும் ஆளும் போய்க்கிட்டுத்தான் இருந்திருக்கும், ஆனா எக்ஸ்போஷர் பல நிமிஷம் தேவைப்பட்டதால நகர்ந்தது எதுவும் பதியல, ஷூ பாலிஷ் போட நின்ன ஒரு ஆள் மட்டும் தெளிவா விழுந்துட்டார். இப்ப ஃபோன் கேமரா நொடியில ஒரு துண்டைப் பிடிக்குது, ஆனாலும் விஷயம் அதேதான், நடந்து முடிஞ்சது படத்துல இருக்காது, அது விட்டுட்டுப் போன தடம்தான் இருக்கும். அதனால எனக்கு ரெண்டாவது லிஸ்ட்தான் முக்கியம்.

நம்ம அகப்பாட்டு மரபுல முதல், கரு, உரின்னு பிரிப்பாங்க இல்லியா, இடமும் நேரமும் முதல், அங்க இருக்கற உயிரும் பொருளும் கரு, அந்த உணர்ச்சி உரி. போட்டோவுக்கு இது ரொம்ப நல்லாப் பொருந்துது. போட்டோ முதலையும் கருவையும் கையில குடுத்துடும், உரியைக் குடுக்காது. அதை நாம கருவுல இருந்து எடுக்கணும், வெளிய இருந்து கொண்டு வந்து ஒட்டக் கூடாது. என் முதல் டிராஃப்ட்ல "காத்திருக்கிறது"ன்னு இருக்கறது வெளிய இருந்து ஒட்டினது, சைக்கிள் காத்திருக்குன்னு படத்துல எந்த இடத்துலயும் இல்ல.

இப்ப ரெண்டாவது லிஸ்ட்டுக்கு வர்றேன். நடுக்கட்டத்தோட மேல் பகுதியை ஜூம் பண்ணினப்பதான் சீட்டுக் கம்பி தெரிஞ்சது. சீட்டுக்குக் கீழ ஃப்ரேமுக்குள்ள இறங்கற கம்பி, அதை ஒரு கிளாம்ப் போட்டு நட்டு வெச்சு முறுக்கியிருப்பாங்க. சுருங்கி வந்த படத்துல இது வெறும் சாம்பல் கோடு. ஒரிஜினல்ல அந்தக் கம்பியைச் சுத்தி ரெண்டு வளையம் மாதிரி கீறல் தெரியுது, கிளாம்ப் ஒரே இடத்துல ரொம்ப நாள் பிடிச்சிருந்தா விழற தடம். அப்ப சீட் ஒரே உயரத்துல இல்ல, ரெண்டு பழைய உயரம், அப்புறம் இப்ப கிளாம்ப் பிடிச்சிருக்கற மூணாவது உயரம். ஓட்டின பிள்ளை வளர வளர சீட்டை ஏத்தியிருக்காங்க.

இங்க கொஞ்சம் நிதானமா யோசிக்க வேண்டியிருந்தது. கீழ இருக்கற வளையம்தான் பழசுன்னு சட்டுனு தோணும், பிள்ளை சின்னதா இருந்தப்ப சீட் கீழதானே இருந்திருக்கும். ஆனா கம்பிதான் மேல போகுது, கிளாம்ப் ஃப்ரேம்ல ஒரே இடத்துல இருக்கு. சீட் தாழ்வா இருந்தப்ப கம்பி முழுக்க உள்ள இறங்கியிருக்கும், கிளாம்ப் பிடிச்சது சீட்டை ஒட்டின இடத்தை. ஏத்த ஏத்த கம்பியோட கீழ்ப்பகுதியைப் பிடிக்கும். அதனால மேல இருக்கறதுதான் ரொம்பப் பழசு, கீழ வர வர புதுசு. படத்துலயே சாட்சி இருக்கு, மேல் வளையத்துக்கு மேல கம்பி மங்கிப் போயிருக்கு, கீழ்ப்பகுதி பளபளன்னு இருக்கு, ரொம்ப காலம் ஃப்ரேமுக்குள்ள ஒளிஞ்சு இருந்ததால வெயில் மழை படல.

இது தெரிஞ்ச உடனே கவிதையோட வடிவம் முடிவாயிடுச்சு. கம்பியில மேல இருந்து கீழ காலம் போகுது, பேப்பர்ல கவிதையும் மேல இருந்து கீழதான் போகும். நான் புதுசா ஒரு அமைப்பு யோசிக்கவே வேணாம், கம்பியை மேல இருந்து அப்படியே படிச்சுக்கிட்டு வந்தா போதும்.

இன்னும் கீழ, கிளாம்ப்புக்கு ஒட்டினாப்புல மேல, கம்பியில குறுக்க ஒரு கோடு வெட்டியிருக்கு. சைக்கிள் ரிப்பேர் பார்க்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும், சீட்டுக் கம்பியில கம்பெனியே ஒரு எல்லைக்கோடு போட்டுத்தான் அனுப்பும், அந்தக் கோடு எப்பவும் ஃப்ரேமுக்குள்ள மறைஞ்சிருக்கணும். வெளிய தெரிஞ்சா கம்பி உள்ள போதுமான அளவுக்கு இல்லன்னு அர்த்தம், உட்காருறவங்க எடை நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு கம்பி வளையலாம், ஃப்ரேமே விரிசல் விடலாம். இந்தப் படத்துல கோடு வெளிய தெரியுது.

எனக்கு இந்த இடத்துல மொத்தமும் திரும்பிடுச்சு. டயர், துரு, வலை இதெல்லாம் சத்தமா ஒரே விஷயத்தைச் சொல்லுது, இந்தச் சைக்கிளை விட்டுட்டாங்கன்னு. ஆனா இந்தச் சின்னக் கோடு அதுக்கு நேர் எதிரா சொல்லுது, சைக்கிள் பத்தாமப் போனதுக்கு அப்புறமும் ஒருத்தர் எல்லையைத் தாண்டி ஏத்தி ஓட்டியிருக்காங்க, விட மனசு வரலன்னு. உரிப்பொருள் அங்க இருந்துச்சு. கவிதை அந்தக் கோட்டைப் பத்தித்தான் இருக்கணும்.

அப்புறம் என்னென்ன வெளிய போகணும்ங்கற வேலை. வலை முதல்ல போச்சு. அழகான விவரம்தான், மனசு வரல, ஆனா வலை உள்ள வந்தா வாசகர் கடைசி வரிக்கு வர்றதுக்கு முன்னாடியே "ஓ, பழைய சைக்கிள், போன காலம்"னு முடிவு பண்ணிடுவார், கோடு சொல்றது காதுல விழாது. துருவும் அதே காரணத்துக்குப் போச்சு. நிழல் எடுத்தேன், அது படத்துக்கு அழகு, கம்பிக்கு அதனால ஒண்ணும் ஆகறதில்ல. கடைசியில சைக்கிள்ங்கற வார்த்தையே போயிடுச்சு, சீட், கம்பி, பாதம், தரைன்னு வந்தா போதும், அது என்னன்னு தானாத் தெரியும்.

வளையத்தோட இடைவெளியும் அளந்து பார்த்தேன், டயரோட அகலத்தை வெச்சு ஒப்பிட்டா முதல் வளையத்துக்கும் ரெண்டாவதுக்கும் சுமார் ரெண்டு விரல் இருக்கும், ஆனா ரெண்டாவதுல இருந்து கோடு வரைக்கும் அதை விட ரொம்ப நீளம். நடுவுல எங்கயும் நிறுத்தின தடம் இல்ல. பிள்ளை சட்டுனு வளர்ந்திருக்கலாம், இல்ல குட்டையான சீட்லயே முட்டியை மடக்கிக்கிட்டு ரொம்ப நாள் சமாளிச்சு ஓட்டியிருக்கலாம், எதுன்னு படம் சொல்லல, நானும் சொல்லல, அந்த நீளத்தை மட்டும் ஒரு வரியா வெச்சேன்.

உயரத்தைச் சென்டிமீட்டர்ல சொல்றதுக்குப் பதிலா கால்ல சொல்லலாம்னு முடிவு பண்ணினேன். ஓட்டக் கத்துக்கற பிள்ளைக்கு ரெண்டு பாதமும் முழுசாத் தரையில படற மாதிரிதான் சீட்டை வைப்பாங்க. பேலன்ஸ் வந்ததும் ஏத்துவாங்க, அப்ப நிறுத்தினா நுனிக்கால்தான் எட்டும். இது ஓட்டின எல்லாருக்கும் உடம்புலயே இருக்கற ஞாபகம், விளக்கமே தேவையில்ல.

வந்த கவிதை:

சீட்டை ஒட்டி முதல் வளையம்.
அவனுக்கு ரெண்டு பாதமும் தரையில இருந்தது.

ரெண்டு விரல் தள்ளி அடுத்தது.
நுனிக்கால் மட்டும்.

அதுக்குக் கீழ எங்கயும் நிக்காம பளபளன்னு வெறும் கம்பி.

அதுக்கும் கீழ
இதைத் தாண்டி ஏத்தாதேன்னு
கம்பெனி வெட்டின கோடு.

கோடு வெளியே தெரியுது.

நடுவுல அந்த ஒத்தை வரி மட்டும் நீளமா ஓடறது வேணும்னு வெச்சது, கம்பியில அந்த இடம் அப்படித்தான் இருக்கு. அதுக்கு அப்புறம் வரி உடையறது கோட்டுக்குக் கிட்ட வர்றப்ப கண்ணு மெதுவாகட்டும்னு. கடைசி வரிக்குப் பின்னாடி இன்னொரு வரி எழுதியிருந்தேன், "இருந்தும் ஓட்டியிருக்கான்"னு. எடுத்துட்டேன், கோடு வெளிய தெரியுதுன்னாலே அது வந்துடுது.

இதைப் படத்தைப் பார்க்காத ஒருத்தங்ககிட்ட வாசிச்சுக் காட்டினேன். இது முக்கியமான சோதனை, அவங்க "படத்தைக் காட்டு, அப்பத்தான் புரியும்"னு சொன்னா கவிதை படத்து மேல சாஞ்சு நிக்குதுன்னு அர்த்தம். அவங்க கேட்ட கேள்வி வேற, "அப்புறம் விழுந்துட்டானா?"ன்னாங்க. கோடு வேலை செஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது.

அதுக்கு அப்புறம்தான் ஃப்ரெண்டுகிட்ட சைக்கிள் கதையைக் கேட்டேன். அது செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதாம், வீட்டுக்கு வர்றப்பவே கம்பியில கீறல் இருந்துச்சாம், கோட்டைத் தாண்டி ஏத்தினது அவனோட தங்கச்சியாம். அப்ப முதல் வளையத்துல தரையில பாதம் வெச்சது யாரோ ஒரு பிள்ளை, கடைசியில ஏத்தினது வேற ஒரு பிள்ளை. இந்தத் தகவல் படத்துல இல்ல, அதனால கவிதைக்குள்ள கொண்டு வரல, ஆனா "அவனுக்கு"ங்கற ஒரு வார்த்தை இப்ப உறுத்துச்சு. படத்துல ஆள் யாருன்னே இல்லாதப்ப ஓட்டினது ஒரே பையன்னு நான்தான் முடிவு பண்ணி வெச்சிருக்கேன். அதை எடுத்தா "ரெண்டு பாதமும் தரையில இருந்தது", அவ்ளோதான். பாதம் யாரோடதாவும் இருக்கலாம், ரெண்டு வளையமும் வேற வேற பிள்ளையோடதா இருந்தாலும் இடிக்காது. வரியும் இறுகிடுச்சு, ஓசையும் முன்னைவிட நல்லா இருக்கு.

அவன் கதையும் கேட்டிருந்தான் இல்லியா, அதனால அதையும் முயற்சி பண்ணினேன், அங்க வேற விவரம்தான் கை குடுத்துச்சு. கவிதைக்கு வளையம் போதும், கதைக்கு ஆள் வேணும், ஆள் ஏதாவது செய்யணும். கிளாம்ப்ல இருக்கற நட்டோட முனையெல்லாம் மழுங்கி உருண்டையா ஆகியிருக்கு, சரியான சைஸ் ஸ்பேனர் இல்லாம குறடு வெச்சுத் திருகினா இப்படித்தான் ஆகும். வீட்டுல பெரியவங்க யாரையும் கேக்காம, கையில கிடைச்சதை வெச்சு ஒருத்தர் தானே ஏத்தியிருக்கணும்னு அது சொல்லுது. கதை இப்படி ஆரம்பிக்குது: "குறடு மூணாவது தடவையும் வழுக்கிச்சு. நட்டு உருண்டையாயிடுச்சு, இன்னும் ஒரு திருகு திருகினா அப்பாவாலகூட கழட்ட முடியாதுன்னு அவளுக்குத் தெரியும். இருந்தும் அவ திருகினா." இதுல அவள்னு வந்தது ஃப்ரெண்டு சொன்ன தகவலால, கதையில அதைத் தவிர்க்க முடியல, தவிர்க்கவும் வேணாம்னு விட்டேன். பத்து வரிக்கு மேல போகல, அவ சீட்ல ஏறி உட்கார்ற இடத்துலயே நிறுத்திட்டேன்.

படத்தையும் கவிதையையும் சேர்த்துப் போடறப்ப இன்னொரு கேள்வி வந்தது. கம்பியை மட்டும் க்ராப் பண்ணிப் போடலாமான்னு அவன் கேட்டான். வேணாம்னேன், க்ராப் பண்ணினா கவிதை படத்துக்கு விளக்கக் குறிப்பு மாதிரி ஆயிடும், வாசகர் தேட எதுவும் இருக்காது. முழுப் படமும் வரட்டும், துரு, வலை, நிழல் எல்லாம் அங்க இருக்கட்டும், கவிதை அதுல எதையும் தொடாம கம்பியைப் பத்தி மட்டும் பேசினா படிக்கறவங்க தானா திரும்பிப் போய் சீட்டுக்குக் கீழ ஜூம் பண்ணுவாங்க. அதுக்காகக் கவிதையை மேலயும் படத்தைக் கீழயும் வெச்சு, சுருக்காம ஒரிஜினல் சைஸ்லயே ஏத்தச் சொல்லியிருக்கேன்.